24 நிமிடம் என்ற விடை

ஒன்லைன் வகுப்பில் எத்தனை பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று புதிதாகப் படிப்பிக்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சூம் இலவசக் கணக்கிலேயே நூறு பேர் உள்ளே வரலாம், ஆகவே இடத்துக்குப் பஞ்சமில்லை. நான் திருப்பிக் கேட்பது வேறொன்று: ஒரு கிழமைக்குள் எத்தனை விடைத்தாளை உங்கள் கையால் திருத்தித் திருப்பிக் கொடுப்பீர்கள்? அந்த எண்தான் வகுப்பின் அளவு. தலைமன்னாரில் இருந்து உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கும் எனக்கு அந்த எண் 24.

இது பாடத்தைப் பொறுத்தது. பௌதிகவியலின் முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு கூகுள் படிவமே திருத்திவிடும். இணைந்த கணிதத்தில் அப்படி முடியாது. தூய கணிதம் ஒரு பத்திரம், பிரயோக கணிதம் ஒரு பத்திரம். ஒவ்வொன்றிலும் பகுதி ‘அ’வில் பத்து வினாவும் கட்டாயம்; பகுதி ‘ஆ’வில் ஏழில் ஐந்து எழுத வேண்டும். ‘ஆ’ வினா ஒன்றுக்கு 150 புள்ளி. அந்தப் புள்ளிகள் கடைசி வரியில் இல்லை, படிமுறையில்தான் சிதறிக் கிடக்கின்றன. பிள்ளை எந்த வரியில் வழி தவறியது என்று பார்க்காமல் சரி, பிழை போட்டு அனுப்பினால் அது திருத்தம் ஆகாது.

என் பிள்ளைகள் கிழமைக்கு ஒரு ‘ஆ’ வினா செய்து படம் எடுத்து அனுப்புகிறார்கள். ஒரு தாளை ஒழுங்காக வாசிக்க ஆறேழு நிமிடம் போகும். 24 தாளுக்கு இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் வரும். பகல் வேலை முடிந்து, வீட்டுக் காரியம் பார்த்து, வகுப்பும் எடுக்கிற ஒருவருக்கு அதுதான் எல்லை. அறுபது பேரென்றால் தாள் பார்க்கவே ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். மூன்றாம் கிழமை நான் விடையை மட்டும் பார்க்கத் தொடங்கியிருப்பேன். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பெயர் பெற்ற ஆசிரியர்கள் மிகப் பெரிய கூட்டத்துக்கு ஒன்லைனில் படிப்பிக்கிறார்கள். நல்ல தியறி விளக்கம் எத்தனை பேருக்குப் போனாலும் குறைந்துபோகாது. என் பிள்ளைகளில் சிலர் அந்த வகுப்புகளையும் கேட்கிறார்கள், நான் தடுப்பதில்லை. தாளைத் திருத்துவதற்குத்தான் ஆள்கணக்கு வேண்டும்.

இந்த ஊரில் ஒன்லைன் ஏன் நிலைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது நாடு முழுவதும் போனுக்குள் போனது. திறந்த பிறகு பல இடங்களில் பிள்ளைகள் மீண்டும் ரியூசன் கொட்டகைக்குத் திரும்பினார்கள். தலைமன்னாரில் கொட்டகை பக்கத்தில் இல்லை. கணிதப் பிரிவுக்கு நல்ல வகுப்பு வேண்டுமென்றால் மன்னார்த் தீவின் மறு முனையில் இருக்கும் மன்னார் நகருக்குப் போக வேண்டும். மாலை வகுப்பு முடியும்போது திரும்பி வர பஸ் இருக்குமா என்ற கவலையில் பெண் பிள்ளைகளைக் கலைப்பிரிவுக்கு மாற்றிய வீடுகள் உண்டு. வசதி இருந்தவர்கள் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ அறை எடுத்துப் பிள்ளையை விட்டார்கள். 2015இல் ரயில் மீண்டும் தலைமன்னார் பியர் வரைக்கும் வந்தது பெரிய விடயம்தான், ஆனால் ரியூசன் நேரத்துக்கு அது ஓடுவதில்லை. ஆகவே பியர், கிராமம், பேசாலை, எருக்கலம்பிட்டி என்று ஒரே வரிசையில் கிடக்கும் ஊர்களின் பிள்ளைகளுக்கு போன் திரைதான் வகுப்பறையாக நின்றுவிட்டது.

போன் என்றால் பல வீடுகளில் ஒரேயொரு போன். அது அப்பாவின் கையில் இருக்கும். அவர் கடலுக்குப் போனால் அதுவும் போகும். என் நேர அட்டவணை இதிலிருந்துதான் பிறந்தது. பாக்கு நீரிணைப் பக்கம் இந்திய இழுவைப் படகுகள் வழமையாகத் திங்கள், புதன், சனி இரவுகளில் வரும். வலை அறுந்துபோகும் என்ற பயத்தில் எங்கள் சிறு படகுக்காரர் பலர் அந்த இரவுகளில் கரையில் நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு அது வருமான இழப்பு. நெஞ்சு பொறுக்காத ஒரு நிலை. ஆனால் போன் வீட்டில் இருக்கும் இரவுகள் அவை. திங்கள் தியறி, புதன் சந்தேகம், சனி பேப்பர் என்று நான் வைத்திருப்பதற்கு அதுவே காரணம்.

டேட்டாவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சூம் நிறுவனம் தரும் அளவுப்படி பலர் முகம் தெரிகிற வீடியோவுக்கு நொடிக்கு 600 கிலோபிற் வரை வேண்டும்; மணிக்கு 270 மெகாபைற் அளவு. வீடியோவை மூடிவிட்டு குரலும் எழுத்துத் திரையும் மட்டும் என்றால் இரண்டும் சேர்ந்தே 155 கிலோபிற்றைத் தாண்டாது. மணிக்கு 70 மெகாபைற்றுக்குள் முடியும். ஆகவே என் வகுப்பில் யாருடைய முகமும் வராது, என்னுடையதும்தான். வினாத்தாளை அச்சடித்து பஸ்சில் அனுப்பி, பியர் சந்திக் கடையில் வைத்துவிடுவேன். சின்ன போன் திரையில் வகுப்பு ஓடும்போது அதே திரையில் வினாவை வாசிக்க முடியாது. டியூட் கையில் தாளாக இருந்தாக வேண்டும்.

சந்தேக வகுப்புக்கு வருகிறேன். “ஏதும் சந்தேகம் இருக்கா?” என்று சூமில் கேட்டால் இரண்டு பேர்தான் வாய் திறப்பார்கள், அவர்கள் அநேகமாக ஏற்கெனவே விளங்கியவர்கள். மற்றவர்கள் பேசாமல் இருப்பது வெட்கத்தினால் மட்டும் அல்ல. தனக்கு எங்கே விளங்கவில்லை என்பதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பாதி விளங்கிவிட்டது. சொல்லத் தெரியாததுதான் அவர்களின் சந்தேகமே. அதனால் புதன் வகுப்புக்குக் கேள்வி கேட்கச் சொல்வதில்லை. செவ்வாய் இரவு ஒன்பது மணிக்குள் செய்த அளவில் தாளின் படத்தை அனுப்ப வேண்டும். அரை வரி எழுதியிருந்தாலும் போதும். அவற்றை நான் இரவே பார்த்து, தவறின் வகைப்படி பிரிக்கிறேன்.

சார்பு வேகத்தில் கொடுத்த ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். ஒரு கப்பல், படகுக்கு நேர் கிழக்கே 8 கிலோமீற்றரில் இருக்கிறது. கப்பல் வடக்கு நோக்கி மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. படகு மணிக்கு 20 கிலோமீற்றர் ஓடும். படகு எந்தத் திசையில் போனால் கப்பலைப் பிடிக்கும், எத்தனை நிமிடத்தில்?

எழுத வேண்டிய சமன்பாடு V(B,E) = V(B,S) + V(S,E). படகு B, கப்பல் S, புவி E. பிடிக்க வேண்டுமென்றால் கப்பலில் நிற்பவருக்குப் படகு நேராக அவரை நோக்கி வர வேண்டும், அதாவது சார்பு வேகம் நேர் கிழக்கே இருக்க வேண்டும். வேக முக்கோணியில் 20 செம்பக்கம், 12 ஒரு பக்கம், ஆகவே சார்பு வேகம் 16. எட்டுக் கிலோமீற்றரை 16ஆல் வகுத்தால் 30 நிமிடம். திசை கிழக்கிலிருந்து வடக்கே, tan θ = 12/16 = 3/4.

வந்த தாள்கள் மூன்று குவியலாகப் பிரிந்தன. முதலாவதில் விடை 24 நிமிடம். இந்த எண்ணைக் கண்டவுடன் தாளை வாசிக்காமலே தவறு எங்கே என்று சொல்லிவிடலாம்: படகின் 20ஐச் சார்பு வேகமாக எடுத்து, 8ஐ 20ஆல் வகுத்திருக்கிறார்கள். அவர்களின் முக்கோணியில் 12உம் 20உம் செங்கோணத்தை அடுத்த பக்கங்களாக நிற்கும். இரண்டாம் குவியலில் 30 நிமிடம் சரி, கோணத்தை மட்டும் வடக்கிலிருந்து அளந்திருக்கிறார்கள். மூன்றாவதில் படகிலிருந்து கப்பலுக்கு ஒரு கோடு, மேலே ஓர் அம்பு, அதோடு நின்றுவிட்டது.

இந்த மூன்று வகையினரையும் ஒரே அறையில் வைத்து ஒரே விளக்கம் சொல்வதில் பயனில்லை. இரண்டாம் குவியலுக்கு வகுப்பே தேவையில்லை. படத்தின் மேல் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினால் முடிந்தது. 24 நிமிடக்காரரை ஆறு, ஏழு பேர் கொண்ட குழுவாக இருபது நிமிடம் கூப்பிடுகிறேன். அவர்களுக்குச் சரியான முறையை நான் மறுபடி செய்து காட்டுவதில்லை. அவர்களின் விடையையே எடுத்துச் சோதிக்கச் சொல்கிறேன். 24 நிமிடத்தில் படகு எவ்வளவு தூரம் ஓடும்? 8 கிலோமீற்றர். அதற்குள் கப்பல் வடக்கே எவ்வளவு போயிருக்கும்? 4.8. அப்படியென்றால் படகு புறப்பட்ட இடத்திலிருந்து கப்பல் இப்போது எவ்வளவு தூரத்தில்? கணித்துப் பார்த்தால் 9.3 அளவில் வரும். எட்டு ஓடிய படகு ஒன்பதரைக்குக் கிட்டத்தில் இருக்கும் கப்பலை எப்படித் தொடும்? பிறகு 30 நிமிடத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்: படகு 10, கப்பல் 6, நடுவில் 8. ஆறு, எட்டு, பத்து என்று முக்கோணி பூட்டுவதைத் தங்கள் கையால் கண்டபின் அந்தப் பிள்ளைகள் 20ஐத் தப்பான பக்கத்தில் வைத்ததை நான் பார்க்கவில்லை.

மூன்றாம் குவியல் தனித்தனி அழைப்பு. இங்கேதான் நேரம் போகும், போகத்தான் வேண்டும். கப்பலில் நிற்கிற ஆளுக்குப் படகு எப்படித் தெரியும் என்று ஒரு பையனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “மிஸ், இரவில வேற போட் வெளிச்சம் ஒரே பக்கத்திலேயே நிண்டு பெருசாகிக் கொண்டு வந்தா மோதப் போகுது எண்டு அப்பா சொல்லுவார்” என்றான். கடலோடிகள் உலகம் முழுவதும் மோதல் ஆபத்தை அறிவது இந்த விதியால்தான்: திசை மாறாமல் தூரம் குறைந்தால் இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கும். வினாவில் படகு கப்பலைப் பிடிப்பது என்பதும் அதேதான். “அப்ப சார்பு வேகத்தின்ர அம்பு எந்தப் பக்கம் மகன்?” என்றேன். “கப்பலப் பாத்து. நேர கிழக்க.” அதற்குப் பிறகு முக்கோணியை அவனே வரைந்தான். இந்த உரையாடல் நூறு பேர் கேட்டுக்கொண்டிருக்கும் அறையில் நடந்திருக்காது.

அதனால் சந்தேக வகுப்பை நான் பதிவு செய்வதில்லை. சிவப்புப் புள்ளி எரிந்தால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள்; தங்கள் தவறு இன்னொரு வீட்டில் மறுபடி ஓடும் என்று தெரியும். வகுப்பு முடிந்தபின், அதில் வந்த தவறை மட்டும் எடுத்து, பெயர் எதுவும் இல்லாமல், நானே தனியாகப் பேசி ஒரு சிறு ரெக்கோடிங் செய்கிறேன். அதன் தலைப்பு “சார்பு வேகம்: 24 நிமிடம் வருகிறவர்களுக்கு” என்றே இருக்கும். அலகின் பெயரை மட்டும் போட்டால் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது யாரும் தேடி எடுக்க மாட்டார்கள். தாங்கள் விட்ட தவறின் பெயர் பிள்ளைகளின் நினைவில் நிற்கும்.

ஒரு ரெக்கோடிங் ஒரு வினா, பன்னிரண்டு நிமிடத்துக்குள். ஒன்றரை மணித்தியாலத் தியறியையும் மூன்று, நான்காக வெட்டுகிறேன். இடெக்ஸ் பாடங்களை வைத்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆறு நிமிடத்துக்குள் இருந்த வீடியோக்களையே மாணவர்கள் அதிகமாக முழுமையாகப் பார்த்தார்கள் என்று கண்டது. அது பார்த்த நேரத்தின் அளவு, விளங்கியதன் அளவு அல்ல. இணைந்த கணிதத்தின் ‘ஆ’ வினா ஆறு நிமிடத்தில் அடங்கவும் மாட்டாது. ஆனால் வெட்டி வைத்தால் கரண்ட் போய், போன் சார்ஜ் குறைந்த இரவில் ஒரு துண்டையாவது பார்த்து முடிக்கலாம்.

2022இல் இதன் அருமை தெரிந்தது. மார்ச் கடைசியில் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போனது. வெட்டு நீளும்போது போன் கோபுரத்தின் மின்கலமும் இறங்கி, சிக்னல் விழும். ஊருக்கு ஒரு நேரம், குழுவுக்கு ஒரு நேரம் என்று வெட்டு வந்ததால் பேசாலைப் பிள்ளையும் பியர்ப் பிள்ளையும் ஒரே நேரத்தில் வகுப்பில் இருப்பது அரிதானது. அந்த மாதங்களில் வகுப்பே ரெக்கோடிங்காகத்தான் நடந்தது. எழுத்துத் திரையும் குரலும் மட்டும் உள்ள பதிவு அளவில் சிறியது. வாட்ஸ்அப்பில் இறக்கி வைத்துவிட்டு சிக்னல் இல்லாத நேரத்தில் பார்த்தார்கள்.

ஆனால் சாதாரணக் காலத்தில் ரெக்கோடிங் வகுப்பை உள்ளிருந்து தின்னும். பிறகு பார்க்கலாம் என்று நேர வகுப்பை விடுவார்கள். பிறகு பார்க்கும்போது என் கை எழுதுவதைக் கண் பின்தொடரும், எல்லாம் விளங்கியது போலவே இருக்கும். இப்படிப் பார்த்து மட்டும் படிக்கும் பிள்ளையைத் தாளில் கண்டுபிடிக்கலாம். அதன் விடை வரிக்கு வரி என்னுடையதாக இருக்கும், நான் தேர்ந்த எழுத்துகள்கூட மாறாது. உறுதி செய்ய, அதே வினாவில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுப்பேன்: படகின் வேகம் 20க்குப் பதிலாக 10. இப்போது படகு கப்பலைப் பிடிக்கவே முடியாது. செம்பக்கம் ஒரு பக்கத்தை விடச் சிறிதாக இருக்க ஏலாது. விளங்கிய பிள்ளை முக்கோணியை வரையும்போதே நின்று, “மிஸ், இது சந்திக்காது” என்று எழுதும். பார்த்துப் படித்த பிள்ளை 10² − 12² என்று போட்டு, −44 வந்ததும் குறியை மெல்ல விட்டுவிட்டு √44 என்று எழுதி மேலே போகும்.

இதற்காக ரெக்கோடிங்கை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். தியறிப் பதிவு அன்றிரவே எல்லோருக்கும் போகும். வினாத் தீர்வின் பதிவு, தான் முயன்ற தாளின் படத்தை அனுப்பிய பிள்ளைக்கு மட்டும். சரியோ பிழையோ, பேனை தாளில் பட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் பதிவை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள், அதைத் தடுக்க வழி இல்லை, நான் முயல்வதும் இல்லை. பெரும்பாலானோர் படத்தை அனுப்பியே வாங்குகிறார்கள், அது போதும்.

காசு கட்டாதவருக்குப் பதிவைப் பூட்டுவது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். நான் அதைச் செய்வதில்லை. காசு கட்ட முடியாத மாதமும் நேர வகுப்பைத் தவறவிட்ட மாதமும் எங்கள் ஊரில் அநேகமாக ஒரே மாதம். சோளகம் பலமாக வீசி, தென்கடல் கொந்தளிக்கும் காலத்தில் அந்தப் பக்கத்தில் தொழில் செய்யும் வீடுகளில் கையில் காசு இருக்காது. அப்பா வேறு கரையில் வாடி போட்டிருப்பார், போனும் அவரோடு இருக்கும். அந்தப் பிள்ளைக்குப் பதிவையும் மூடினால் கணிதமே மூடிவிடும். மாதம் முடிந்தபின்தான் கட்டணம் வாங்குகிறேன், முன்பணம் இல்லை. “மிஸ், இந்தக் கிழமை தொழிலுக்குப் போகேல்ல, காத்து விட்டதும் போடுறன்” என்று தாய்மார் குரல் பதிவு அனுப்புவார்கள். காற்று விட்டதும் போட்டும் விடுவார்கள். பாக்கிக் கணக்கு ஒரு கொப்பியில் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் பெயர் போட்டுக் கேட்பதில்லை.

மாதம் ஒரு பிள்ளைக்கு 1,500 ரூபா. 24 பேரில் நாலு பேர் ஃப்ரீ கார்ட். யார் என்பது எனக்கும் அந்த வீட்டுக்கும் மட்டும் தெரியும். வருவது 30,000. சூம் கட்டணம் டொலரில். 2022இல் டொலர் 200 ரூபா அளவில் இருந்து 360 வரைக்கும் ஏறியபோது அந்த ஒரு செலவே ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அப்போது இலவசக் கணக்குக்கு இறங்கி, நாற்பது நிமிடத்தில் அறுந்துபோகும் வகுப்பை இரண்டு இருப்பாகப் பிரித்துக்கொண்டோம். இடையில் பத்து நிமிடம் பிள்ளைகள் ஒரு கணக்கைத் தாங்களே செய்தார்கள். கட்டணக் கணக்குக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பத்து நிமிடத்தை நான் எடுக்கவில்லை. சூம், டேட்டா, அச்சு, பஸ் கூலி எல்லாம் போக 18,000 அளவில் மிஞ்சும். வகுப்பு, திருத்தம், பதிவு வெட்டுவது எல்லாம் சேர்த்து மாதம் 36 மணித்தியாலம் என்று வைத்தால் மணிக்கு 500 ரூபா. இதைவிடக் குறைத்தால் வேறு வேலை தேட வேண்டிவரும். கூட்டினால் ஃப்ரீ கார்ட் நாலிலிருந்து எட்டாகும், கணக்கு அதே இடத்துக்கு வந்து நிற்கும்.

உயர்தரம் மூன்று தடவை எழுதலாம் என்பதால் பெறுபேறு வந்தவுடன் இரண்டாம் தடவைக்காரர்கள் இடம் கேட்டு வருவார்கள். அவர்களுக்குத் தியறி தேவையில்லை, சனிக்கிழமைப் பேப்பரும் திருத்தமும்தான் வேண்டும். ஆனால் திருத்தம்தானே என் எல்லை. ஆகவே 25ஆவது பிள்ளை வரும்போது சேர்ப்பதற்கு ஒரே வழி இன்னொரு திருத்துபவர். என்னிடம் படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிடுகிறேன். தாளுக்கு 50 ரூபா. முதல் மூன்று கிழமை ஒரே ஆறு தாளை இருவரும் தனித்தனியாகத் திருத்தி, புள்ளிகளை வைத்துப் பார்ப்போம். புள்ளி ஒத்துவருவது பெரிதல்ல. தவறு தொடங்கிய வரியை இருவரும் ஒரே இடத்தில் வட்டமிட்டிருக்க வேண்டும். ஆறில் ஐந்து தாளிலாவது வட்டம் ஒரே வரியில் விழுந்தால், அவர் கைக்குப் பன்னிரண்டு பேரைக் கொடுத்து வகுப்பை 36 ஆக்குவேன். விழாவிட்டால் அந்த ஆண்டு 24தான். வந்த பிள்ளைக்கு மன்னாரில் படிப்பிக்கும் இன்னொருவரின் நம்பரைக் கொடுத்து, பழைய வினாத்தாள் கட்டு ஒன்றையும் பியர் கடையில் வைத்துவிடுகிறேன்.